டூயல்ஷாக் 4: ஒட்டும் பட்டன், முழுதாகத் திரும்பாத ட்ரிகர் – அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

தங்கை மகன் கட்டிலில் வைத்திருந்த பிஎஸ்4 கண்ட்ரோலர் மேல் அரை டம்ளர் ரோஸ்மில்க் கொட்டிவிட்டது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் விளையாடிக்கொண்டிருந்தான். மூன்றாவது நாள் எக்ஸ் பட்டன் அழுத்தினால் எழவில்லை. "மாமா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று கொண்டுவந்தான். நான் திறந்து, பட்டனையும் அதன் குழியையும் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் துடைத்து, மூடிக் கொடுத்தேன். நன்றாகத்தான் இருந்தது. நான்கே நாளில் பழையபடி ஒட்டியது. அடுத்த வாரம் ஆர்2 ட்ரிகரும் கெட்டது.

முதல் தடவை நான் செய்த தவறு இதுதான்: அழுக்கு என்ன என்று யோசிக்காமல் ஸ்பிரிட்டைக் கையில் எடுத்தேன். காய்ந்த சர்க்கரை ஆல்கஹாலில் சரியாகக் கரையாது, இளகிப் பரவும், அவ்வளவுதான். அது தண்ணீரில்தான் கரையும். கையில் படும் எண்ணெய்ப் பசை, சிப்ஸ் எண்ணெய், வியர்வைப் பிசுக்கு இவற்றுக்குத்தான் ஆல்கஹால். ரோஸ்மில்க்கில் சர்க்கரையும் இருக்கிறது, பால் கொழுப்பும் இருக்கிறது. அதற்கு வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் லிக்விடும் வேண்டும். ஆனால் கண்ட்ரோலருக்குள் எல்லா இடத்திலும் தண்ணீர் விட முடியாது. ஆகவே அழுக்கு எது, அது எந்த அடுக்கில் நிற்கிறது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்த பிறகே துடைக்க ஆரம்பிக்க வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது

இங்கே சொல்வது 2013ல் பிஎஸ்4 உடன் வந்த டூயல்ஷாக் 4க்கும், 2016ல் வந்த அதன் மாற்று வடிவத்துக்கும் பொருந்தும். பின்னதில் டச்பேடின் மேல் ஓரத்தில் மெல்லிய கோடாக வெளிச்சம் தெரியும். அதை வைத்து அடையாளம் காணலாம்.

ஒரு பட்டனை மேலிருந்து கீழாகப் பார்த்தால் நான்கு அடுக்கு. முதலில் விரல் படும் பிளாஸ்டிக் பட்டன். அது மேல் ஓட்டில் உள்ள குழிக்குள் ஏறி இறங்குகிறது. அதற்குக் கீழே ரப்பர் குமிழ். பட்டனை மேலே தள்ளிவிடுவது இதுதான், தனி ஸ்பிரிங் கிடையாது. குமிழின் உள்ளே கீழ்ப்பக்கம் ஒரு கருப்புப் பொட்டு இருக்கும். அது கார்பன் கலந்த ரப்பர், மின்சாரம் கடத்தும். கடைசியாக, கருப்புக் கோடுகள் அச்சடித்த ஒரு மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிம். பட்டனை அழுத்தும்போது பொட்டு ஃபிலிமில் உள்ள இரண்டு கோடுகளையும் தொட்டு இணைக்கிறது. அதுதான் 'அழுத்தியாயிற்று' என்று போர்டுக்குப் போகும் செய்தி.

எல்2, ஆர்2 ட்ரிகர்களிலும் இதே ரப்பரும் ஃபிலிமும்தான். ஆனால் அங்கே தொட்டதா இல்லையா என்பதோடு முடிவதில்லை. மெதுவாக அழுத்தினால் பொட்டின் நுனி மட்டும் படும், பலமாக அழுத்தினால் பொட்டு நசுங்கி அதிகப் பரப்பில் படும். பரப்பு கூடக்கூட மின்தடை குறைகிறது. அந்த அளவை வைத்துத்தான் கார் பந்தயத்தில் ஆக்சிலேட்டர் கொஞ்சமா, முழுதா என்று தெரிகிறது. ட்ரிகருக்குக் கூடுதலாக ஒரு ஸ்பிரிங்கும் உண்டு.

வேறு கண்ட்ரோலர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எக்ஸ்பாக்ஸ் ஒன் கண்ட்ரோலரின் ட்ரிகரில் ரப்பர் பொட்டே கிடையாது, காந்தத்தை வைத்து அளக்கிறது. பிஎஸ்5 ட்ரிகருக்குள் மோட்டாரும் பல்சக்கரமும் இருக்கின்றன. அவற்றின் முகப்பு பட்டன்களுக்கு இங்கே உள்ள துடைக்கும் முறை உதவும், ட்ரிகருக்கு உதவாது. டூயல்ஷாக் 4 போலவே இருக்கும் நகல்களிலும் உள்ளமைப்பு மாறியிருக்கலாம். பலவற்றில் ஃபிலிம் இல்லாமல் ரப்பர் நேரே போர்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும்.

திறக்கும் முன் ஐந்து நிமிடச் சோதனை

கண்ட்ரோலரை யுஎஸ்பி கேபிளால் விண்டோஸ் கம்ப்யூட்டரில் இணையுங்கள். கேபிள் டேட்டா போகும் கேபிளாக இருக்க வேண்டும். சில மைக்ரோ யுஎஸ்பி கேபிள்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், அவற்றில் கம்ப்யூட்டருக்குக் கண்ட்ரோலர் இருப்பதே தெரியாது. ஸ்டீம் ஓடிக்கொண்டிருந்தால் மூடிவிடுங்கள். விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்தி இதை டைப் செய்யுங்கள்:

```
joy.cpl
```

பட்டியலில் `Wireless Controller` என்று இருக்கும். அதைத் தேர்ந்து `Properties` அழுத்தினால் எண் போட்ட வட்டங்கள் வரும். சதுரம் 1, எக்ஸ் 2, வட்டம் 3, முக்கோணம் 4, எல்1 5, ஆர்1 6, எல்2 7, ஆர்2 8. ட்ரிகர்களுக்கு வட்டத்தோடு ஒரு அளவுப் பட்டையும் உண்டு: எல்2க்கு `X Rotation`, ஆர்2க்கு `Y Rotation`.

இப்போது கோளாறுள்ள பட்டனை மெதுவாக இருபது முறை அழுத்துங்கள். ஒரே நேரத்தில் இரண்டைக் கவனியுங்கள்: விரலுக்கு என்ன தெரிகிறது, திரையில் என்ன தெரிகிறது. இரண்டும் எங்கே ஒத்துப்போகவில்லை என்பதில்தான் கோளாறு எந்த அடுக்கில் என்ற பதில் இருக்கிறது. பட்டன் கீழேயே நின்று வட்டமும் எரிந்துகொண்டே இருந்தால் குழியில் பிசுக்கு. பட்டன் துள்ளி எழுந்தும் வட்டம் எரியவில்லை என்றால் பொட்டிலோ ஃபிலிமிலோ. விரலே படாமல் வட்டம் எரிந்தால் ஃபிலிம் மேல் ஏதோ இருக்கிறது.

கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் பிஎஸ்4ல் எழுத்துப் பலகையைத் திறந்து பார்க்கலாம். முக்கோணம் இடைவெளி விடும், சதுரம் அழிக்கும். இருபது அழுத்தலுக்கு இருபது இடைவெளி விழுகிறதா என்று எண்ணுங்கள்.

இப்போதுதான் கொட்டியது என்றால் சோதனையெல்லாம் வேண்டாம். பிஎஸ் பட்டனைப் பத்து வினாடி அழுத்தி அணைத்து, சார்ஜில் போடாமல், நேரே திறக்கும் வேலைக்குப் போங்கள். கொட்டிய அன்றே திறந்தால் பாதி வேலை மிச்சம்.

திறப்பது

மூக்கு சிறிய ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், பிஹெச் 00 அளவு. மூக்கு பெரிதாக இருந்தால் திருகின் தலை தேய்ந்துவிடும், அப்புறம் கழற்றுவது பெரும்பாடு. இதோடு ஒரு ட்வீசர், ஒரு பழைய ஏடிஎம் கார்டு, பஞ்சு உதிராத துணி, பட்ஸ். வெள்ளைத் துண்டு ஒன்றை மேசையில் விரித்து அதன் மேல் வேலை செய்யுங்கள். ஸ்பிரிங் விழுந்தால் உருண்டு ஓடாது, கண்ணிலும் படும்.

கண்ட்ரோலரை அணைத்துவிட்டுக் கவிழ்த்துப் பிடியுங்கள். பின்பக்கம் நான்கு திருகுகள். கழற்றியதும் கைப்பிடிகளின் அடிப்பக்கத்திலிருந்து இரண்டு ஓடுகளையும் பிரிக்க வேண்டும், ட்ரிகர் பக்கத்திலிருந்து அல்ல. இடுக்கில் ஏடிஎம் கார்டை நுழைத்து மெல்ல நகர்த்தினால் கொக்கிகள் டிக் டிக்கென்று விடும். ஒட்டிய இடத்தில் பலம் காட்டாதீர்கள். அங்கே காய்ந்த பாகு இருக்கலாம், கொஞ்சம் முன்னும் பின்னும் அசைத்தால் விட்டுவிடும்.

ஓடு விலகியதும் அப்படியே இழுத்து எடுத்துவிடக் கூடாது. இரண்டு பாதிகளையும் ஒரு குட்டையான ரிப்பன் கேபிள் இணைக்கிறது. பின் ஓட்டில் இருக்கும் சார்ஜிங், விளக்குப் போர்டிலிருந்து முதன்மைப் போர்டுக்கு வருவது அது. புத்தகத்தைத் திறப்பதுபோல் திறந்து, ரிப்பனின் முனையிலுள்ள கெட்டியான பகுதியைப் பிடித்து, சாக்கெட்டின் போக்கிலேயே நேராக இழுங்கள். சாய்த்து இழுத்தால் உள்ளே கம்பி முறியும். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த நேரத்தில் ட்ரிகர்கள் தளர்ந்திருக்கும். எல்2, ஆர்2 இரண்டையும் விரலால் பிடித்துக்கொண்டு, ஸ்பிரிங்கின் இரண்டு கால்களும் எங்கே ஊன்றியிருக்கின்றன என்று பாருங்கள், அதையும் படம் எடுங்கள். திரும்பப் போடும்போது அதிக நேரம் பிடிப்பது இதுதான்.

அடுத்து பேட்டரி. வெள்ளை கனெக்டரை ட்வீசரால் அசைத்து வெளியே எடுங்கள், வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். பேட்டரி தட்டையாக இல்லாமல் வயிறு உப்பியிருந்தால் பட்டன் வேலையை ஒத்திவைத்து முதலில் அதை மாற்றுங்கள். அதைக் குத்தவோ நசுக்கவோ கூடாது. பேட்டரி உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் தட்டை எடுத்தால் போர்டு தெரியும். டச்பேடிலிருந்து வரும் மெல்லிய கேபிளின் கனெக்டரில் சிறு பூட்டு இருந்தால் நகத்தால் தூக்கிவிட்டு கேபிளை வெளியே எடுங்கள். போர்டின் நடுப்பகுதியில் ஒரே ஒரு திருகு. அதையும் கழற்றினால் போர்டு, அதைத் தாங்கும் சட்டம், ஃபிலிம் எல்லாம் ஒன்றாக மேலே வரும். அதிர்வு மோட்டார்கள் இரண்டும் வயரால் போர்டோடு இணைந்திருக்கின்றன. அவற்றையும் சேர்த்தே தூக்குங்கள், தொங்கவிட்டால் வயர் அறுந்துபோகும்.

இப்போது மேல் ஓட்டில் பட்டன்களும் அவற்றின் மேல் ரப்பரும் இருக்கும். சில நேரம் ரப்பர் சட்டத்தோடு ஒட்டி வந்துவிடும். முகப்பில் நான்கு பட்டனுக்கும் சேர்த்து ஒரே ரப்பர், நான்கு குமிழ்களோடு.

ரோஸ்மில்க் கண்ட்ரோலரில் நான் ரப்பரைத் தூக்கியபோது எக்ஸ் குமிழின் விளிம்பிலிருந்து இளஞ்சிவப்பாய் ஒரு நூல் இழுபட்டு வந்தது. கருப்புப் பொட்டின் ஒரு பாதி எப்போதும்போல மங்கலாக இருந்தது, மறுபாதி வார்னிஷ் அடித்ததுபோல் பளபளத்தது. அந்தப் பளபளப்புதான் பாகு. நல்ல பொட்டு பளபளக்காது. மற்ற மூன்று பொட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அறிகுறி: அழுத்தினால் பட்டன் மெதுவாக எழுகிறது, அல்லது கீழேயே நிற்கிறது

இது பட்டனுக்கும் ஓட்டின் குழிக்கும் இடையிலுள்ள பிசுக்கு. திறக்காமலே, ஆல்கஹால் தொட்ட பட்ஸை பட்டனைச் சுற்றி ஓட்டி, இருபது முப்பது முறை அழுத்திப் பார்க்கச் சொல்வார்கள். கைப்பிசுக்கு என்றால் இதில் சரியாகிவிடுவது உண்டு. இனிப்புப் பானம் என்றால் இதைச் செய்யாதீர்கள். இளகிய பாகு குழியிலிருந்து இறங்கி ஃபிலிமுக்குப் போய்விடும். எளிய கோளாறு கடினமான கோளாறாக மாறும். எனக்கு நடந்தது ஏறக்குறைய அதுதான்.

பட்டன்களைக் கழற்றுங்கள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் சிறு காதுகள் இருக்கும், அவை குழியிலுள்ள பள்ளத்தில் பொருந்தும். எது எந்த இடத்தில் என்று பார்த்து வையுங்கள். ஒரு கிண்ணத்தில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், அதில் இரண்டு மூன்று சொட்டு பாத்திர லிக்விட். பட்டன்களையும் ரப்பரையும் அதில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பட்டனின் பக்கச் சுவரை மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். ரப்பரை விரலால் மட்டும் தடவுங்கள். குமிழின் மெல்லிய சுவர் கிழிந்துவிட்டால் வேறு ரப்பர் வாங்குவதைத் தவிர வழியில்லை.

மேல் ஓட்டில் டச்பேடும் இருக்கிறது, ஆகவே ஓட்டை முக்க வேண்டாம். அதே தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பட்ஸால் குழியின் சுவரைச் சுற்றித் துடையுங்கள். பட்ஸில் நிறம் வருவது நிற்கும் வரை, எத்தனை பட்ஸ் ஆனாலும் சரி. பிறகு வெறும் தண்ணீர் தொட்ட பட்ஸால் சோப்பை எடுத்துவிட்டு, கடைசியாக ஆல்கஹாலால் ஒரு சுற்று. இந்தக் கடைசிச் சுற்று ஈரத்தை விரட்டுவதற்கு.

சோதிக்கும் முறை எளிது: காய்ந்த பட்டனைக் காலியான குழியில் போட்டு ஓட்டைத் தலைகீழாகத் திருப்புங்கள். தன் எடையிலேயே வழுக்கி விழ வேண்டும். நின்றால் குழி இன்னும் சுத்தமாகவில்லை.

பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் மூன்றும் பிளாஸ்டிக்கைக் கரைக்கும், பக்கத்திலேயே வரக்கூடாது. வழுக்கட்டும் என்று தேங்காய் எண்ணெயோ மெஷின் எண்ணெயோ விடுவதையும் பார்த்திருக்கிறேன். இரண்டு நாள் நன்றாக இருக்கும். பிறகு தூசி சேர்ந்து பழையதைவிட மோசமாக ஒட்டும். சானிடைசர் ஜெல்லும் காய்ந்தால் பிசுக்கை விட்டுப்போகும்.

அறிகுறி: பட்டன் துள்ளி எழுகிறது, ஆனால் பதிவாவதில்லை அல்லது பலமாக அழுத்த வேண்டியிருக்கிறது

குழியில் குறை இல்லை. பொட்டுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஏதோ படிந்திருக்கிறது, அல்லது பொட்டு தேய்ந்துவிட்டது.

பொட்டை முதலில் பாருங்கள். பளபளத்தால் பாகு: மேலே சொன்ன சோப்புத் தண்ணீர். மங்கலாக இருந்து, மேலே தூசி போலவோ எண்ணெய்த் தடம் போலவோ தெரிந்தால், வெள்ளைக் காகிதத்தை இரண்டு சொட்டு ஆல்கஹாலில் நனைத்து மேசையில் வைத்து, பொட்டை அதன் மேல் ஒரு முறை இழுங்கள். காகிதத்தில் லேசான சாம்பல் கோடு விழும், அது பரவாயில்லை. அடர்த்தியான கருப்பாக விழுந்தால் நிறுத்திவிடுங்கள், கார்பனே வந்துகொண்டிருக்கிறது. உப்புத்தாள் போடுவதும் நகத்தால் சுரண்டுவதும் வேண்டவே வேண்டாம்.

ஃபிலிமுக்கு இன்னும் கவனம் வேண்டும். அதிலுள்ள கோடுகள் செம்பு அல்ல, அச்சடித்த கடத்தும் மை. பட்ஸை 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் தொட்டு, பிழிந்து, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மீதி தண்ணீர், அது ஓட்டுக்கும் பட்டனுக்கும் போதும். ஃபிலிமுக்கு 99தான் நல்லது. மொபைல் சர்வீஸ் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் தருவார்கள். பட்ஸின் நுனி கருப்பானால் மை உரிகிறது, உடனே நிறுத்துங்கள்.

ஃபிலிமில் பாகு படிந்திருந்தால்? இங்கே மட்டும் கொஞ்சம் தண்ணீரை அனுமதிக்க வேண்டியிருக்கிறது. பேட்டரி கழற்றிய நிலையில், பட்ஸை வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் நனைத்து, துணியில் ஒற்றி ஈரத்தைக் குறைத்து, பாகின் மேல் அரை நிமிடம் வைத்திருங்கள். அது இளகியதும் புதிய பட்ஸால் ஒற்றி எடுங்கள். கடைசியில் ஆல்கஹால் தொட்டு ஒற்றுங்கள். போர்டின் பக்கம் ஒரு துளிகூட ஓடாதபடி சட்டத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

துடைத்த பிறகும் பதிவாகவில்லை என்றால் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, இரண்டு முனைகளையும் அந்தப் பொட்டின் மேல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் மெல்லத் தொடுங்கள். அதே மாதிரி பக்கத்து நல்ல பொட்டையும் அளந்து பாருங்கள். நல்ல பொட்டைவிடப் பல மடங்கு அதிகத் தடை காட்டினால் பொட்டின் ஆயுள் முடிந்தது. பென்சில் தேய்த்தால் ஓடும் என்பது உண்மைதான், ஆனால் கிராஃபைட் தூள் உதிர்ந்து ஃபிலிமில் விழுந்து அடுத்த அறிகுறியை வரவழைக்கும். ரப்பர் செட் தனியாக விற்கிறார்கள், விலையும் குறைவு. அதை வாங்கிப் போடுங்கள்.

அறிகுறி: தொடாமலே பட்டன் அழுந்துகிறது, அல்லது ஒரு அழுத்தலுக்கு இரண்டு பதிவாகிறது

பானம் கொட்டிய கண்ட்ரோலரில் இது ஈரம். ஃபிலிமில் கோடுகளுக்கு நடுவே ஈரப் பாகு பாலம் போட்டிருக்கிறது. காய்ந்ததும் தானே சரியானதுபோல் தெரியும், காற்றில் ஈரம் கூடும் மழை நாளில் திரும்பி வரும். சர்க்கரை ஈரத்தை இழுக்கும். மேலே சொன்னபடி ஃபிலிமை ஒற்றி எடுப்பதுதான் வழி.

எதுவும் கொட்டாத கண்ட்ரோலரில், ஏற்கெனவே திறந்து மூடியது என்றால், ரப்பர் தன் முளையில் உட்காராமல் சாய்ந்திருக்கும். கிழிந்த குமிழும் இப்படிச் செய்யும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் கிழிசல் தெரியும்.

அறிகுறி: ட்ரிகர் முழு அளவு தருவதில்லை, அல்லது விட்ட பிறகும் பூஜ்யத்துக்கு வருவதில்லை

திரையிலுள்ள அளவுப் பட்டையைப் பார்த்துக்கொண்டே ட்ரிகரை அழுத்தி விடுங்கள். ட்ரிகரே பாதியில் நின்றால் ஸ்பிரிங் நழுவியிருக்கிறது, அல்லது அது சுழலும் ஊசியில் பிசுக்கு. ட்ரிகர் முழுதாகத் திரும்பியும் பட்டை பாதியில் நின்றால் பொட்டு ஃபிலிமோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பந்தயத்தில் கார் தானாகவே மெல்ல நகர்வது இதனால்தான்.

ரோஸ்மில்க் கண்ட்ரோலரின் ஆர்2 இரண்டாவது வகை. கொட்டியது முகப்பில், கெட்டது ட்ரிகர், எப்படி? ஃபிலிம் ஒரே தாள். முகப்பு பட்டன்களின் கீழே தொடங்கி, சட்டத்தின் ஓரத்தில் மடிந்து, ட்ரிகரின் ரப்பர் வரை போகிறது. முதல் தடவை நான் ஆல்கஹால் விட்டு இளக்கிய பாகு, ஃபிலிமுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஊர்ந்து அந்த மடிப்புவரை போயிருந்தது. இரண்டாவது தடவை மடிப்பைத் தொட்டதும் விரல் ஒட்டியது. புளித்த பால் வாடையும் அங்கேதான் வந்தது.

ஆகவே ஏதாவது கொட்டிய கண்ட்ரோலரில் கோளாறுள்ள பட்டனோடு நிறுத்தக்கூடாது. ட்ரிகரைக் கழற்றும்போது ஸ்பிரிங்கின் மேல் விரலை வைத்துக்கொண்டே ஊசியிலிருந்து வழுக்கி எடுங்கள். அதன் பின்னாலுள்ள ரப்பரை எடுத்துக் கழுவுங்கள். ஃபிலிமின் சிறகு சட்டத்தின் சிறு முளைகளில் மாட்டியிருக்கும். ட்வீசரின் மழுங்கிய பக்கத்தால் ஓரத்தை மட்டும் தூக்கி, உள்ளேயும் ஒற்றி எடுங்கள். மடிப்பை நேராக நிமிர்த்த வேண்டாம், மடிந்த இடத்தில் மை வெடிக்கும். போர்டோடு சேரும் வால் பகுதியையும் கழற்ற வேண்டாம். ட்ரிகர் ஊசியையும் அதன் துளையையும் சோப்புத் தண்ணீர் தொட்ட பட்ஸால் துடைத்துக் காயவிடுங்கள். ட்ரிகரின் ரப்பர் பொட்டு நசுங்கி வேலை செய்வது என்பதால், அதில் மெல்லிய படலம் மிஞ்சினாலும் அளவு மாறும். இதற்கு இரண்டு முறை கழுவினேன்.

காயவிடுவதும் மூடுவதும்

கழுவிய ரப்பரைக் குமிழ் மேல் நோக்கி வைத்தால் உள்ளே தண்ணீர் நிற்பது தெரியாது. ஒரு முறை உதறி, பொட்டு மேலே தெரியும்படி வைத்து, மின்விசிறிக் காற்றில் இரண்டு மூன்று மணி நேரம். வெயிலும் ஹேர் டிரையரும் வேண்டாம்.

மூடுவது திறந்ததன் தலைகீழ் வரிசை. ஓட்டைக் கவிழ்த்து பட்டன்கள், மேலே ரப்பர், மேலே சட்டம். நடுத் திருகைப் போடும் முன் நான்கு பட்டனையும் வெளியிலிருந்து அழுத்திப் பாருங்கள், நான்கும் ஒரே மாதிரி துள்ள வேண்டும். பின் ஓட்டை வைக்கும்போது ட்ரிகர் பக்கத்தை முதலில் பொருத்தி, எல்2, ஆர்2 இரண்டையும் லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டே கைப்பிடிப் பக்கம் மூடுங்கள். நான்கு திருகையும் போடும் முன் கேபிளை மாட்டி `joy.cpl` சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். ஏதாவது தப்பு என்றால் திரும்பத் திறப்பது சுலபம்.

மூடிய பிறகு புதிதாகத் தெரியும் கோளாறுகள்

சார்ஜ் ஏறவில்லை, விளக்கு எரியவில்லை, கம்ப்யூட்டருக்கும் தெரியவில்லை என்றால் இரண்டு ஓடுகளுக்கு நடுவிலுள்ள ரிப்பன் முழுதாக உட்காரவில்லை அல்லது தலைகீழாகப் போயிருக்கிறது. எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். டச்பேட் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அதன் கேபிள் பூட்டுக்குள் போகவில்லை.

எல்லா பட்டனும் ஒரேயடியாகச் செத்தால் பயப்பட வேண்டாம், ரப்பரில் கோளாறில்லை. ஃபிலிமின் வால் போர்டோடு சரியாகத் தொடவில்லை. நடுத் திருகு இறுகியிருக்கிறதா, சட்டத்துக்கும் போர்டுக்கும் இடையே ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். ட்ரிகர் அழுந்தினால் திரும்பவே இல்லை என்றால் ஸ்பிரிங்கின் ஒரு கால் வெளியே நிற்கிறது.

பட்டன்கள் எல்லாம் சரி, பிஎஸ்4 உடன் மட்டும் இணையவில்லை என்றால் பின்பக்கம் எல்2 அருகே உள்ள சிறு துளையில் ஊசியால் ஐந்து வினாடி அழுத்திவிட்டு, கேபிளில் மாட்டி பிஎஸ் பட்டனை அழுத்துங்கள்.